கிட்டிப்புள் வகுப்பில் அடி வாங்கியது வரிசையில் நின்றவன்

திண்ணைவாசி: எங்கள் பள்ளியில் கிட்டிப்புள்ளை விளையாட்டு வேளையில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். புள்ளைப் பிடிக்க நிற்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, அடிக்கிறவனிடமிருந்து தூரம் என்று விதிகள் நிறைய. நான் பக்கத்து வகுப்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் புள்ளை நன்றாகத்தான் எழுப்பினான். அடி ஓரத்தில் பட்டு, புள் முன்னால் போகாமல் பக்கவாட்டில் பறந்தது. வரிசையில் பின்னால் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தவனுக்குக் கன்னத்து எலும்பில் டக்கென்று ஒரு சத்தம். அவன் முறை இன்னும் வராததால் கண்ணாடி கையில் இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மணி_அப்பா: இதற்கு இவ்வளவு யோசனையா? பஞ்சு ரப்பரில் புள் செய்து கொடுத்தால் முடிந்தது. எங்கள் வீட்டு வாண்டுகள் அதில்தான் ஆடுகிறார்கள், ஒரு கீறல் இல்லை.

பழைய பி.டி.: கீறல் இருக்காதுதான், ஆட்டமும் இருக்காது. கூர்முனையைத் தட்டும்போது அது தரையில் மோதி, புள் சுழன்று எழும்ப வேண்டும். பஞ்சு அந்த அடியைக் குடித்துவிடும். பிள்ளைகள் கையால் தூக்கிப் போட்டு அடிப்பார்கள், பாதி வித்தை போச்சு. நான் மரப்புள்தான் வைத்திருக்கிறேன். சரிவு இருக்கட்டும், நுனியை மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு அறுத்துத் தேய்த்துவிடுவேன். கொஞ்சம் தாழ்வாக எழும்பும், ஆனால் எழும்பும். மொட்டை நுனி என்பதால் கண்ணில் பட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணாடி வேண்டும்.

திண்ணைவாசி சொன்ன வரிசைதான் பெரிய ஓட்டை. பிடிக்கிறவன் கண் புள் மேலேயே இருக்கும், விலகிக்கொள்வான். காத்திருப்பவன் பார்க்கவே மாட்டான். அதனால் கண்ணாடி மைதானக் கோட்டைத் தாண்டியதும் கண்ணில் இருக்க வேண்டும், முறை வந்தாலும் வராவிட்டாலும். வரிசை வலைக்குப் பின்னால். அடித்தவன் கிட்டியைத் தரையில் வைத்த பிறகே அடுத்தவன் உள்ளே. அப்புறம் வியர்வைக் கையில் கிட்டி வழுக்கிப் பறக்கும், பிடியில் துணி நாடா சுற்றுங்கள். தட்டும்போது முகத்தைப் புள்ளுக்கு நேர் மேலே கொண்டுபோகக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கவி_அம்மா: என் மகள் இடதுகைக்காரி. ஆட்கள் நிற்கும் இடமெல்லாம் வலதுகைக்காரர்களுக்காகக் கோடு போட்டிருக்கிறதாம், அவளையும் வலது கையால் அடிக்கச் சொல்கிறார்கள். பழகாத கையில் அடி இன்னும் தாறுமாறாகப் போகாதா? இதை யாரிடம் கேட்பது?

பழைய பி.டி.: போகும்மா. கோட்டைத் திருப்பிப் போட்டு, ஆட்களை மாற்றி நிறுத்த வேண்டியதுதான்.

திண்ணைவாசி: சொன்னது எல்லாம் சரி சார், ஆனால் எங்கள் பள்ளியில் இப்போது அந்தரத்தில் பிடிப்பதையே தடை செய்துவிட்டார்கள். பிடித்தால் அவுட் இல்லை என்றானதும் பிள்ளைகளுக்குப் புள்ளைப் பார்க்கிற அக்கறையே குறைந்துவிட்டது. கதை பேசிக்கொண்டே கிட்டே வருகிறார்கள்.

மணி_அப்பா: அதனால்தான் பஞ்சு என்றேன்.