பேச்சாளருக்கு மட்டும் தெரியும் திரைக்கு என்ன பெயர்?

அன்புடையீர்,

பவர்பாயிண்ட் கையேட்டின் தமிழாக்கத்தில் ஓரிடத்தில் தடைப்பட்டிருக்கிறேன். நடப்பு ஸ்லைடு, அடுத்த ஸ்லைடு, குறிப்புகள், கடிகாரம் ஆகியவை பேசுபவரின் மடிக்கணினியில் தெரிய, அவைக்கு ஸ்லைடு மட்டும் தெரியும் பிரசன்டர் வியூவை ‘வழங்குநர் காட்சி’ என்று எழுதினேன். காட்சி என்றால் அவையோர் காண்பது என்றே படிப்பவர் எண்ணக்கூடும் என்பதால், ‘பேச்சாளர் திரை’ என்று மாற்றலாமா?
கலா, மயிலாப்பூர்

கலா அவர்களுக்கு, புரொஜெக்டரை இணைத்தால்தான் இந்த வசதி கிடைக்கும் என்பதால் ‘இரட்டைத் திரை முறை’ என்பதே தெளிவு. மீதமுள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரத்தை ‘மீதநேரம்’ எனலாம்.
ரகு

பெயர் எதுவாயினும் எனக்கு மறுப்பில்லை. கிண்டியில் ஒரு கல்லூரியில் நான் பேசியபோது, ‘இங்கே சிரிக்க இடைவெளி விடவும்’ என்ற என் குறிப்பைப் பெரிய திரையில் படித்துவிட்டு அவை முன்னதாகவே சிரித்துவிட்டது. இதைத் தவிர்ப்பது எப்படி?
யூசுப்

ரகு சொல்வது பாதி சரி. F5 அழுத்தினால் இரண்டாம் திரை வேண்டும். ஆனால் விண்டோஸில் Alt+F5 அழுத்தினால் ஒரே திரையிலும் இது திறக்கும் என்பதால், முந்தின இரவே வீட்டில் ஒத்திகை பார்க்கலாம். எனவே ‘இரட்டை’ பொருந்தாது. கடிகாரமும் சுழியத்திலிருந்து ஏறுமுகமாகவே ஓடுகிறது. 20 நிமிட உரையில் அது 15 காட்டும்போது மீதம் ஐந்து என்று நாம்தான் கணக்கிட வேண்டும். கூட்டம் அமரும் வரை முதல் ஸ்லைடைக் காட்டி வைத்தால் அந்த நேரமும் சேர்ந்துவிடும் என்பதால், பேச எழும்போது அருகிலுள்ள பொத்தானால் அதை மீண்டும் தொடங்க வேண்டும். ஆகவே ‘கழிந்த நேரம்’ என்பதே சரி.

யூசுப், அப்போது உங்கள் மடிக்கணினியில் என்ன தெரிந்தது? அதிலும் குறிப்புகளே தெரிந்திருந்தால் இரு திரைகளும் ஒன்றையே காட்டியிருக்கின்றன. Windows+P அழுத்தி Extend என்பதைத் தேர்ந்திருக்க வேண்டும். மடிக்கணினியில் முழு ஸ்லைடு தெரிந்திருந்தால் திரைகள் இடம் மாறியிருக்கின்றன; Display Settings பட்டியலில் Swap Presenter View and Slide Show என்பதை அழுத்தினால் சரியாகும். இவ்விரண்டையும் அவை நிரம்புமுன் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று, கலா. ஒரு ஸ்லைடில் வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுமாறு அமைத்திருந்தால், முன்னோட்டச் சிறுகட்டம் அடுத்த ஸ்லைடை அல்ல, அடுத்துத் தோன்றப்போகும் வரியோடு அதே ஸ்லைடைத்தான் காட்டும். எனவே அதை ‘அடுத்தது’ என்று மட்டும் எழுதுங்கள்.
மல்லிகா, அடையாறு

என் மடிக்கணினியிலும் குறிப்புகளே தெரிந்தன.
யூசுப்

‘இரட்டை’யைக் கைவிடுகிறேன், ஆனால் ‘பேச்சாளர் திரை’யை ஏற்க மனம் வரவில்லை. ‘பேச்சாளர் திரையை இரண்டாம் திரைக்கு மாற்றுக’ என்று கையேட்டில் வந்தால், கருவி எது, அதில் தெரிவது எது என்று யாருக்கும் விளங்காது.
ரகு

‘கழிந்த நேரம்’, ‘அடுத்தது’ இரண்டையும் வரைவில் சேர்த்துவிட்டேன். ரகு சொல்லும் குழப்பம் உண்மைதான் என்பதால், அந்த இடத்தில் மட்டும் கருவியை ‘மானிட்டர்’ என்றே எழுதிப் பார்க்கிறேன்; வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.
கலா