‘வேல்யூ’வுக்குத் தமிழ்: மதிப்பு இல்லையென்றால் வேறென்ன?

கயல்விழி:

குழுவினருக்கு வணக்கம். ஓவியத்தில் வேல்யூ என்கிறோமே, ஒரு நிறம் எவ்வளவு இருண்டது, எவ்வளவு வெளிச்சமானது என்ற அளவு, அதற்கு ஒரு சொல் வேண்டும். ஓர் அசைபடக் குறும்படத்துக்குப் பின்னணி வரைகிறேன். வண்ணக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுகிறோம். நிறம் இருக்கிறது, செறிவு இருக்கிறது. மூன்றாவதற்குச் சொல் இல்லை. “கொஞ்சம் லைட்டாக” என்று எழுதி அனுப்பினேன். வண்ணம் தீட்டியவர் செறிவைக் குறைத்துவிட்டார். நான் கேட்டது வெளிச்சம், வந்தது சாயம் போன துணி.

சிக்கல் வந்த காட்சி இது. அந்தி நேரம், தோப்போரமாக அரக்குப் புடவை கட்டிய பாட்டி தனியாக நடந்து போகிறாள். தூரக் காட்சி என்பதால் திரையில் அவள் விரற்கடை அளவுதான். புடவை `#A83238`, தோப்பு `#3F6438`. சிவப்பும் பச்சையும் ஆயிற்றே, தெரியாமல் எங்கே போகும் என்று நினைத்தேன். ஓடவிட்டுப் பார்த்தால் பாட்டியைக் காணோம். ஒரு நரைத்த தலையும் இரண்டு கைகளும் மட்டும் மிதந்து போகின்றன.

இளங்கோ:

இதற்கு விவாதமே தேவையில்லை. மென்பொருள் தமிழாக்கத்தில் வேல்யூ என்றால் மதிப்பு. மாறியின் மதிப்பு, இயல்பு மதிப்பு என்று எத்தனையோ ஆண்டுகளாக எழுதி வருகிறோம். ஒரு சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கயல்விழி:

“பாட்டியின் மதிப்பைக் கூட்டவும்” என்று குறிப்பு எழுதினால் இயக்குநர் கண்ணீர் விடுவார், ஓவியர் சிரிப்பார். நிரலில் வரும் வேல்யூ வேறு, இது வேறு.

சண்முகம்:

சொல்லுக்கு முன்னால் காட்சியைப் பார்க்கலாம். சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள். எதிர் நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். உங்கள் சிவப்பில் செறிவு போதவில்லை என்று தோன்றுகிறது. அதைக் கூட்டிப் பாருங்கள்.

திருவேங்கடம்:

சண்முகம் தம்பி சொல்வதில் பாதி சரி. முகத்தை அருகில் காட்டும்போது, நிறம் பரந்து கிடக்கும்போது, எதிர் நிறம் வேலை செய்யும். உருவம் சிறுத்து நகரத் தொடங்கினால் கண் விளிம்பைத் தேடும். விளிம்பை இருட்டும் வெளிச்சமும்தான் காட்டும், நிறம் அல்ல.

நான் இருபது ஆண்டுகள் சினிமா பேனர் வரைந்தவன். சாரத்திலிருந்து இறங்கி, சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்போம். இமை பாதி மூடியதும் நிறமும் நுணுக்கமும் மங்கி, கருப்பும் வெளுப்பும் திட்டுத் திட்டாக நிற்கும். அப்போது நாயகனின் தோள் வானத்தோடு ஒட்டிக்கொண்டால் மறுபடி ஏறித் தீட்ட வேண்டியதுதான். “எடுப்பு இல்லை” என்பார் எங்கள் மேஸ்திரி. பட்டறையில் இருந்த சொல் அதுதான்.

கயல்விழி, அந்தப் படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்த்தீர்களா?

கயல்விழி:

பார்த்தேன் ஐயா, அதனால்தான் ஏமாந்தேன். கிருத்தா ஓவிய மென்பொருளின் `Desaturate` வடிப்பானில் `Lightness` முறையை வைத்திருந்தேன். புடவை 109, தோப்பு 78 என்று காட்டியது. நல்ல இடைவெளி என்று நம்பி அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன்.

நாச்சியார்:

அங்கேதான் கோளாறு. அந்த முறை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகிறது, அவ்வளவுதான். நம் கண்ணுக்கோ பச்சை மிக வெளிச்சமாகவும், சிவப்பு அதைவிடக் குறைவாகவும், நீலம் மிகக் குறைவாகவும் தெரிகின்றன. அதே வடிப்பானில் `Luminosity (ITU-R BT.601)` முறையை வையுங்கள். அது இப்படிக் கணக்கிடும்:

```
0.299*R + 0.587*G + 0.114*B
புடவை (168, 50, 56)  -> 86
தோப்பு (63, 100, 56) -> 84
```

86க்கும் 84க்கும் நடுவே பாட்டி எப்படித் தெரிவாள்? இது தோராயக் கணக்குதான். கண்ணுக்கு நெருக்கமான `L*` அளவில் பார்த்தாலும் நூற்றுக்கு 39, 39 என்று இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

இன்னொன்று. இணையத்தில் ஏறும் காணொளிகளில் பெரும்பாலானவை நிறத்தை `4:2:0` முறையில் சேமிக்கின்றன. 1920×1080 படத்தில் வெளிச்சம் முழு அளவில் இருக்கும், நிறத் தகவல் 960×540தான். நிறத்தை மட்டும் நம்பி நிற்கும் மெல்லிய விளிம்பு அங்கே கரைந்துவிடும். சண்முகம் சொன்னபடி செறிவை ஏற்றினால் பாட்டியைச் சுற்றிச் சிவப்பு கசியும்.

கயல்விழி:

இப்போது புரிகிறது. முதலில் தோப்பு முழுவதையும் `L*` 70க்கு ஏற்றிப் பார்த்தேன். பாட்டி நன்றாகத் தெரிந்தாள், ஆனால் அந்தி போய்க் காலை ஆகிவிட்டது. துக்கத்தோடு நடப்பவள் பால் வாங்கப் போவதுபோல் இருந்தாள்.

பிறகு தோப்பை அப்படியே விட்டுவிட்டு, அவள் நடக்கும் பாதைக்குப் பின்னால் மட்டும் குளத்து நீரை ஒரு பட்டையாக விட்டேன். மங்கிய மண் நிறம், `#A08C7A`, `L*` 60. சுற்றிலும் இருட்டு, நடுவில் அழுக்கு வெளிச்சம், அதன்மேல் அரக்கு. அந்தியும் கெடவில்லை, பாட்டியும் தெரிகிறாள். மனநிலையை நிறமும் செறிவும் பார்த்துக்கொள்கின்றன. ஆள் தெரிவதை இந்தப் பெயரில்லாத மூன்றாவது பார்த்துக்கொள்கிறது. பட்டையைத் தாண்டி மரத்தடிக்குப் போகும் கடைசி இரண்டு விநாடியில் மீண்டும் மறைகிறாள். அதை இயக்குநர் பிடித்திருக்கிறது என்கிறார், வைத்துக்கொண்டோம்.

இளங்கோ:

சரி, மதிப்பை விட்டுவிடுகிறேன். ‘வெளிர்மை’?

நாச்சியார்:

வெளிர் என்றதும் சாயம் குறைந்தது என்ற எண்ணம் வந்துவிடும். கயல்விழிக்கு நேர்ந்த அதே விபத்து. முழு மஞ்சள் `#FFFF00` எடுங்கள், `L*` 97. அதை யாராவது வெளிர் மஞ்சள் என்பார்களா? முழு நீலம் `#0000FF` வெறும் 32. செறிவில் இரண்டும் உச்சம்.

இளங்கோ:

‘ஒளிப்படி’? நிறங்களுக்கு அளவுமுறை வகுத்த ஆல்பர்ட் மன்செல் கருப்பை 0 என்றும் வெள்ளையை 10 என்றும் வைத்துப் படிப்படியாகத்தானே அளந்தார்.

திருவேங்கடம்:

நகல் எடுக்கும் கடைப் பலகை மாதிரி இருக்கிறது. ‘எடுப்பு’ என்றே வைத்தால் என்ன?

நாச்சியார்:

எடுப்பு ஒற்றை நிறத்தின் குணம் இல்லையே ஐயா. இரண்டு நிறங்களுக்கு நடுவில் பிறப்பது. 39க்கும் 60க்கும் இடையே உள்ள 21தான் எடுப்பு. அந்த இடைவெளிக்கு அந்தச் சொல்லைக் கட்டாயம் வைத்துக்கொள்வோம். 39க்குத்தான் பெயர் வேண்டும். தட்பமும் வெப்பமும் சேர்ந்து தட்பவெப்பம் ஆனதுபோல், இரு முனைகளையும் சேர்த்துக் ‘கருவெளிர்’ என்றால்?

சண்முகம்:

அதிலும் வெளிர் இருக்கிறதே. தட்பவெப்பத்துக்கே அளவு சொல்லும்போது ‘நிலை’ சேர்க்கிறோம். ‘கருவெளிர்நிலை 39’ என்று ஓவியர் எழுதுவாரா?

மீனாட்சி:

தாமதமாக வருகிறேன். எங்கள் கடையில் மயில்கழுத்துப் பட்டுப் புடவைகளைப் படம் எடுத்தால் ஜரிகை தெரிய மாட்டேன் என்கிறது. பாவு நீலம், ஊடை பச்சை. இதற்கும் கருவெளிர்தான் காரணமா?

நாச்சியார்:

ஜரிகை மின்னுகிற பொருள். விளக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வெளிச்சம் மாறும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து ஒன்று எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.

கயல்விழி:

மீனாட்சி அக்கா பொருள் கேட்காமலே கருவெளிர் என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டார். இன்று அனுப்பும் குறிப்பில் ‘பாட்டி: கருவெளிர் 39, குளம்: 60, எடுப்பு: 21’ என்று எழுதியிருக்கிறேன். வண்ணம் தீட்டுபவர் என்ன திருப்பி அனுப்புகிறார் என்பதைத் திங்களன்று சொல்கிறேன். இளங்கோ, அதுவரை கலைச்சொல் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.