ஆங்கிளில் இரண்டு போல்ட்: β-வா, α-வா?

ஐ.எஸ். 800:2007 தெரிந்தவர்கள் உதவவும். கூரை டிரஸ்ஸில் இழுவிசை உறுப்பாக 75×75×6 ஆங்கிள். ஒரு காலில் மட்டும் 16 மி.மீ. போல்ட் இரண்டு, இடைவெளி 50, துளை 18, கேஜ் 40. Fy 250, fu 410.

போல்ட் போட்ட காலின் நிகரப் பரப்பு (75−18−3)×6 = 324 ச.மி.மீ. தொங்கும் காலுக்கு 432.

β = 1.4 − 0.076 (w/t)(fy/fu)(bs/Lc)

bs 109, Lc வெறும் 50 என்பதால் β 0.14-க்குச் சரிகிறது. விதியோ 0.7-க்குக் கீழே விடாது; அதனால் நிகரப் பரப்பில் முறியும் வலிமை 164 கிலோநியூட்டன் வருகிறது. α = 0.6 என்ற எளிய சூத்திரத்தில் 149தான். மூன்று போல்ட் என்றால் இரண்டும் 171, 174 என்று ஒத்துப்போகின்றன.

முனைத் தூரம் 30 வைத்தால் பிளாக் ஷியர் 102-லேயே முடிவதால் வடிவமைப்பு மாறாது. ஆனால் ஷியர் லேக் இவ்வளவு கடுமையாக இருக்கும்போது 0.7-ஐ நம்பலாமா? கணக்குத்தாளில் எதை எழுதுவீர்கள்?