வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடனா, பெர்சனல் லோனா? அப்பா ஆபரேஷனுக்கு 8 லட்சம், அவசரம்

கார்த்திக்_எம்
வணக்கம். அப்பாவுக்கு பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 8 லட்சம் தேவை. ஒரு வங்கியில் பெர்சனல் லோன் 14 சதவீதம், இன்னொரு இடத்தில் வீட்டுப் பத்திரத்தை வைத்தால் 10 சதவீதம். முதலாவதில் மாதம் 21,861, இரண்டாவதில் 10,572. தவணை பாதியாகக் குறைகிறது, அதனால் பத்திரக் கடன்தான் சரி என்று படுகிறது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்தால் மொத்தத்தில் எது குறைவு? இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பழைய கணக்கன்
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 14 பெரிதா 10 பெரிதா? அடமானக் கடனுக்கு எப்போதும் வட்டி குறைவு. இதே கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதிவிட்டேன். கேட்பதற்கு முன் ஒருமுறை தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மீனாட்சி_எஸ்
கார்த்திக், அவசரம் புரிகிறது. ஆனாலும் சில விவரம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் எத்தனை வருடக் கடன்? செயலாக்கக் கட்டணம் எவ்வளவு? வட்டி நிலையானதா, மாறுவதா? வீடு யார் பெயரில் இருக்கிறது? ஆபரேஷன் என்றைக்கு? கடைசி இரண்டும்தான் முக்கியம், அவற்றை மறக்காமல் எழுதுங்கள்.

செல்வி_அ
வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டே. அதையும் கணக்கில் எடுத்தால் 10 சதவீதம் இன்னும் குறையும்.

மீனாட்சி_எஸ்
செல்வி, அந்தக் கழிவு வீடு வாங்கவோ கட்டவோ பழுதுபார்க்கவோ வாங்கிய கடனுக்குத்தான். இருக்கிற வீட்டை அடமானம் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டினால் கிடைக்காது.

கார்த்திக்_எம்
பெர்சனல் லோன் 4 வருடம், நிலையான வட்டி, செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம். பத்திரக் கடன் 10 வருடம், மாறும் வட்டி, கட்டணம் 1 சதவீதம், வக்கீல் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் 8,500, பத்திரத்தை அடமானம் வைத்ததைப் பதிவு செய்யும் எம்.ஓ.டி. பதிவுக்கு 10,000 ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

மீனாட்சி_எஸ்
சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம். நான் பல வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவள். தவணை பாதியானதற்குக் காரணம் வட்டி குறைந்தது இல்லை, காலம் இரண்டரை மடங்கு நீண்டது.

பெர்சனல் லோனில் 4 வருடத்தில் போகும் வட்டி சுமார் 2,49,300. கட்டணம் 16,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 18,880. ஆக, கடனுக்கான செலவு 2,68,000 சொச்சம்.

பத்திரக் கடனை 10 வருடமும் இழுத்தால் வட்டி மட்டும் 4,68,600. கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 9,440, வக்கீலும் மதிப்பீடும் 8,500, எம்.ஓ.டி. 10,000. மொத்தம் 4,96,000க்கு மேல். குறைந்த வட்டிக் கடனுக்குத்தான் ஏறக்குறைய இரண்டு லட்சத்து முப்பதாயிரம் அதிகம் போகிறது.

நீங்களே சரிபார்க்க வேண்டுமானால் விரிதாளில் தவணைக்கு இதைப் போடுங்கள்:

```
=PMT(14%/12, 48, -800000)
=PMT(10%/12, 120, -800000)
```

தவணையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி 8 லட்சத்தைக் கழித்தால் மொத்த வட்டி.

பழைய கணக்கன்
இது நியாயமான ஒப்பீடு இல்லையே, அம்மா. 4 வருடத்தையும் 10 வருடத்தையும் எதிரெதிரே வைத்தால் எந்தக் கடனும் மோசமாகத்தான் தெரியும். பத்திரக் கடனையும் 4 வருடத்துக்கு வாங்கட்டும். தவணை 20,290தான். வட்டி 1,73,900, கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் 2,02,000. பெர்சனல் லோனைவிட 66,000 மிச்சம். இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

மீனாட்சி_எஸ்
முதலில் காலத்தைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை, ஐயா. ஆனால் இப்போது சொன்னது சரி. சம காலம் என்றால் பத்திரக் கடன்தான் மலிவு.

இன்னொரு வழியும் இருக்கிறது. தனிநபர் வணிக நோக்கமில்லாமல் வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது 2014 முதலே ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் 10 வருடத்துக்கே வாங்கி, கட்டாயத் தவணையை 10,572 ஆக வைத்துக்கொண்டு, முடிந்த மாதமெல்லாம் 21,861 கட்டலாம். மாதாமாதம் அப்படிக் கட்டினால் 44 மாதத்தில் முடிந்துவிடும், வட்டி ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் அளவில் நிற்கும். ஆஸ்பத்திரிச் செலவு கூடுகிற மாதத்தில் பழைய தவணையோடு விட்டுவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: கூடுதலாகக் கட்டுவது அசலில்தான் வரவு வைக்கப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் அது அடுத்த தவணைக்கான முன்பணமாக உட்கார்ந்துவிடும், வட்டி குறையாது.

முருகேசன்_வி
என் அனுபவத்தைச் சொல்கிறேன். அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தபோது வீட்டு நகையை வங்கியில் வைத்தேன். காலையில் போய் மதியத்துக்குள் பணம் வந்துவிட்டது. பத்திரம், வக்கீல் எதுவும் இல்லை. கார்த்திக், வீட்டில் நகை இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

பழைய கணக்கன்
கேட்டது இரண்டு கடன். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. வருடக் கடைசியில் மொத்தமாக அசலும் வட்டியும் கட்டு என்பார்கள், கட்ட முடியாவிட்டால் ஏலம். வீட்டு நகையைப் பறிகொடுக்கச் சொல்கிறீர்கள்.

முருகேசன்_வி
வீட்டை வைத்துக் கட்டாவிட்டால் மட்டும் என்ன, மாலை போட்டு அனுப்புவார்களா? வங்கிகள் கடனை வசூலிப்பதற்கான சர்ஃபாசி சட்டத்தில் வழக்கு இல்லாமலே வீட்டை எடுத்துக்கொள்ள முடியும். நகை போனால் நகையோடு போகும். வீடு போனால் எங்கே போய் நிற்பது?

பழைய கணக்கன்
சட்டத்தைப் பாதியில் படித்தால் இப்படித்தான். கடன் வாராக்கடனாகி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதற்கப்புறம்தான் கைப்பற்ற முடியும். நடுவில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

முருகேசன்_வி
தீர்ப்பாயத்துக்கு அலைய யாருக்குத் தெம்பு இருக்கும், ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும்போது?

ரேவதி_பி
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கார்த்திக், கடனின் முக்கிய விவரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் கே.எஃப்.எஸ். தாளை இரண்டு இடத்திலும் கேட்டீர்களா? 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்ற வரியில் வட்டியோடு கட்டணமும் சேர்ந்த வருட விகிதம் இருக்கும். எங்களுக்கு வந்த தாளில் 'இன்சூரன்ஸ்' என்று 24,000 இருந்தது. கடன் தொகையிலேயே சேர்த்துவிட்டார்கள், அதற்கும் வட்டி ஓடும். வாயால் சொன்னபோது அந்தப் பேச்சே இல்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம், எடுத்துவிட்டார்கள்.

பழைய கணக்கன்
கடனுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். எடுக்காவிட்டால் கடனே தர மாட்டார்கள்.

ரேவதி_பி
எங்களுக்குத் தந்தார்களே. அடமான வீட்டுக்குத் தீ விபத்துக் காப்பீடு கேட்பது வேறு, உங்கள் உயிருக்கு அவர்கள் சொல்லும் நிறுவனத்தில்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்பது வேறு. தாளில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பிற்பாடு போடவும் முடியாது.

கார்த்திக்_எம்
மன்னிக்கவும், இப்போதுதான் வெளியே வந்தேன். வீடு அப்பா பெயரில். அப்பா ஐ.சி.யூ.வில். ஆபரேஷன் திங்கட்கிழமை. முன்பணம் சனிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். மூலப்பத்திரம் இருக்கிறது, பட்டாவில் தாத்தா பெயர்தான் இன்னும் இருக்கிறது.

மீனாட்சி_எஸ்
அப்படியென்றால் இதுவரை போட்ட கணக்கு உங்களுக்கு இந்த வாரம் உதவாது, தம்பி. வீட்டின் உரிமையாளர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். எம்.ஓ.டி. பதிவுக்கு அவரே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டும். அதற்கு முன்னால் வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் நேரில் பார்ப்பது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தாலே இரண்டு, மூன்று வாரம் ஆகும். பட்டா தாத்தா பெயரில் இருந்தால் வக்கீல் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் கையெழுத்தும் கேட்பார். அத்தை, சித்தப்பா யாராவது இருக்கிறார்களா?

பழைய கணக்கன்
பதிவுச் சட்டத்தில் வர இயலாத நோயாளியிடம் அதிகாரியே நேரில் வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது. இல்லாவிட்டால் பவர் எழுதி வாங்கலாம்.

மீனாட்சி_எஸ்
வழி இருக்கிறது, மறுக்கவில்லை. பவருக்கும் அவர் சுயநினைவோடு கையெழுத்திட வேண்டும். பைபாஸுக்குக் காத்திருப்பவரை இணைக் கடனாளியாக ஏற்க எத்தனை வங்கி சம்மதிக்கும் என்பதுதான் என் சந்தேகம்.

பழைய கணக்கன்
சரி, இப்போதைக்குப் பெர்சனல் லோன் எடுக்கட்டும். அப்பா குணமானதும் ஒரு வருடம் கழித்து பத்திரக் கடன் வாங்கி அதை அடைத்துவிடலாம். 14லிருந்து 10க்கு இறங்கிவிடும்.

மீனாட்சி_எஸ்
கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு ஒத்துவரவில்லை. 12 தவணை கட்டியபின் அசல் பாக்கி சுமார் 6,39,600. முன்கூட்டி அடைக்க 4 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஜி.எஸ்.டி.யோடு 30,200. புதிய கடனுக்கு வக்கீல், பதிவு, கட்டணம் எல்லாம் 25,000க்கு மேல். ஆக 55,000 கைவிட்டுப் போகிறது. மீதி 36 மாதத்தில் வட்டியில் மிச்சமாவது 44,000தான். அலைச்சலும் பட்டு, பதினோராயிரம் நஷ்டமும் படுவீர்கள். அடைப்புக் கட்டணம் இல்லாத லோன் என்றால் மட்டும் இதில் அர்த்தம் இருக்கிறது.

அதனால் கார்த்திக், வட்டியில் அரை சதவீதம் பேரம் பேசுவதைவிட இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை மாதத்துக்குப் பகுதி அடைப்பு கூடாது? அடைத்தால் எத்தனை சதவீதம்? நிலையான வட்டிக் கடனில் இது இடத்துக்கு இடம் மாறும். ஒரு வருடத்தில் கையில் பணம் வரும் வாய்ப்பு இருந்தால் 14.5க்கு அடைப்புக் கட்டணமில்லாத லோன், 14க்குக் கட்டணமுள்ளதைவிட லாபம்.

முருகேசன்_வி
நகையைப் பற்றி இன்னும் பதில் சொல்லவில்லையே, தம்பி?

ரேவதி_பி
ஆபீஸ் காப்பீடு எதுவும் இல்லையா? அப்பாவைச் சேர்த்திருக்கிறீர்களா?

கார்த்திக்_எம்
எல்லோருக்கும் நன்றி. அத்தை இரண்டு பேர், ஒருவர் வெளிநாட்டில், அதனால் பத்திரம் இப்போதைக்கு நடக்காது. அம்மா நகையில் 3 லட்சம் வாங்கிவிட்டோம். பெர்சனல் லோன் 5 லட்சம் மட்டும், 3 வருடம். கே.எஃப்.எஸ். தாளில் 17,500 இன்சூரன்ஸ் போட்டிருந்தார்கள், எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். 12 மாதம் அடைக்க முடியாதாம், அப்புறம் 3 சதவீதம். ஆபீஸ் காப்பீட்டில் அப்பா உண்டு, ஆனால் இந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை, பில் கொடுத்துப் பின்னால் வாங்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு வரும் என்று தெரியவில்லை.

ரேவதி_பி
அப்படி வரும் பணத்தை முதலில் நகைக்குக் கட்டுங்கள், லோன் ஒரு வருடம் பூட்டித்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்து ரசீதும் அசலாக வாங்கி வையுங்கள். எத்தனை நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கும், இன்றே பாருங்கள்.

பழைய கணக்கன்
நகைக்கு வட்டி எத்தனை சதவீதம் போட்டார்கள் என்று எழுதவே இல்லை. லோனைவிடக் குறைவாக இருந்தால் அதை அவசரமாக ஏன் அடைக்க வேண்டும்?

ரேவதி_பி
காப்பீட்டுப் பணம் சும்மா சேமிப்புக் கணக்கில் கிடந்தால் அதைவிட நஷ்டம்தானே, ஐயா. கார்த்திக், நகைக் கடன் எப்போது முடிகிறது?