ஜனவரியில் நிழலாக இருந்த மூலையில் இப்போது மாலை வெயில்: மேசையை எங்கே போடுவது?

திருச்சியில் மூன்றாம் தளத்தில் உள்ள எங்கள் வாடகை வீட்டுக் கூடம் கிழமேலாக 12 அடி, தென்வடலாக 14 அடி. மேற்குச் சுவரின் நடுவில் பெரிய சன்னலும் வடக்கில் சிறிய சன்னலும் உண்டு. ஜனவரியில் மணிக்கொரு முறை தரையில் வெயில் விழுந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டபோது, மாலை வெயில் வடகிழக்கு மூலையை நோக்கியே சென்றது. ஆகவே அங்கே துணி உலர்த்தும் கொடியையும், நிழலாக இருந்த தென்கிழக்கு மூலையில் கணினி மேசையையும் அமைத்தோம்.

மே மாதம் முதல் நிலைமை தலைகீழ். சூரியன் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி, ஜூனில் ஏறத்தாழ 24 பாகை வரை, மறைவதால், ஐந்து மணிக்கு மேல் வெயில் தென்கிழக்கே சாய்ந்து நேராகக் கணினித் திரையில் விழுகிறது, எழுத்தே தெரிவதில்லை.

மூங்கில் தட்டி கட்டிப் பார்த்தோம். கூசவில்லை, ஆனால் காற்றும் நின்றுவிட்டது. திரையைத் திருப்பினால் வெயில் கண்ணில் அடிக்கிறது. சூரியப் பாதையைக் காட்டும் கைப்பேசிச் செயலியின்படி, ஆண்டு முழுவதும் நேர்வெயில் படாத இடம் தென்மேற்கு மூலை மட்டுமே. ஆனால் அந்த மேற்குச் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு ஒன்பது மணி வரை கக்குகிறது, கை வைத்தாலே தெரியும்.

மேசையைத் தென்மேற்கில் சுவரைவிட்டுத் தள்ளி நிலையாகப் போடுவதா, அல்லது மார்ச்சிலும் செப்டம்பரிலும் மேசையையும் கொடியையும் இடம் மாற்றிக்கொள்வதா, எது நடைமுறைக்கு ஏற்றது?