அம்மாவின் வளைந்த கால்விரல்: ஆபரேஷன் செய்தவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு 71 வயது, நெடுநாள் சர்க்கரை. வலது காலின் இரண்டாம் விரல் நடு மூட்டில் மடங்கி, நுனி தரையில் குத்துகிறது. சர்க்கரையால் நரம்பு கெட்டு, பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் சோர்ந்துவிட்டன, அதனால் காலிலிருந்து வரும் நீளமான தசைநார் விரலை இழுத்து மடக்குகிறது என்றார் டாக்டர்.

இதுவரை சிலிக்கான் உறை போட்டுச் சமாளித்தோம். இப்போது நுனியில் இருந்த ஆணி கறுத்து, அதைச் சீவியபோது அடியில் புண். அம்மாவுக்கு வலியே தெரியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. இனி உறை மட்டும் போதாதாம். இறுக்கமான செருப்பில் அதுவே கூடுதலாக அழுத்துமாம்.

கையால் நீட்டினால் விரல் இன்னும் நிமிர்கிறது. அதனால், ரத்த ஓட்டம் சரியாக இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு அடிப்பக்கத் தசைநாரை மட்டும் வெட்டிவிடலாம் என்கிறார். மூட்டு இறுகிவிட்டால் எலும்பிலேயே கை வைக்க வேண்டிவருமாம்.

வீட்டில் யாருக்காவது இந்தத் தசைநார் சிகிச்சை நடந்திருக்கிறதா? புண் ஆறியதா? அப்புறம் பாரம் பக்கத்து விரலுக்குப் போய் அங்கே புண் வந்ததா? விரல் பகுதி ஆழமாக இருக்கும் எம்.சி.ஆர். செருப்பை அளவெடுத்துத் தைப்பவர்கள் மதுரைப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள்.