சராசரி 11,000, இடையம் 1,500: இலவச விநியோக எல்லையை எங்கே வைப்பது?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் ஒடியல், பனங்கட்டி விற்கிறோம். இவ்வார ஓடர்கள் ரூபாயில்: 1200, 1300, 1400, 1400, 1500, 1600, 1700, 1900, 87,000. கடைசியானது கொழும்புக் கடையொன்றின் மொத்தக் கொள்வனவு.

சராசரி 11,000. அந்தத் தொகைக்கு அருகில்கூட எந்த வீட்டு வாடிக்கையாளரும் வாங்கவில்லை. அதை வைத்து, எத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் விநியோகம் இலவசம் என்ற எல்லையை முடிவுசெய்தால் ஒருவருக்கும் பயன்படாது. ஏறுவரிசையில் நடுவே நிற்கும் 1,500தான், அதாவது இடையம்தான், உண்மையான வாடிக்கையாளரைக் காட்டுகிறது. கடைக்காரர் இரட்டிப்பாக வாங்கினாலும் அது அசையாது.

ஆனால் இடையத்தை ஓடர் எண்ணிக்கையால் பெருக்கினால் 13,500தான். உண்மையான வருமானம் 99,000. ஆகவே வருமானக் கணக்குக்குச் சராசரியைக் கைவிட முடியாது.

நான் கேட்பது இதுதான்: எக்செல் பிவட் அட்டவணையில் சராசரி உண்டு, இடையம் இல்லை. கடைகளின் மொத்தக் கொள்வனவு ஓடர்களை விலக்கி, மாதவாரியாக `MEDIAN` எடுப்பது எப்படி? செய்தவர்கள் சூத்திரத்தைப் பகிருங்கள்.